22 நிமிஷமும் 7 நிமிஷமும்

கேள்வி: "தினமும் காலையில் ஓடியே பள்ளிக்கூடம் போகிற ஒரு கிராமத்துப் பையன், கிராஸ் கண்ட்ரி போட்டிக்குத் தயாராவதை வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறேன். பஸ்ஸுக்குக் காசில்லாமல் 4 கிலோமீட்டர் ஓடுகிறான். சித்திரை வெயிலில் நடக்கிற மாவட்டப் போட்டியில், எல்லாரையும் விட அதிகமாக ஓடிப் பழகியவன் என்பதால் முதலாவது வருகிறான். படித்த நண்பர், 'ஓட்டம் தெரிந்தவன் எழுதின மாதிரி இல்லையே' என்கிறார். எங்கே பிசகுகிறது?"

உங்கள் நண்பர் சொன்னது சரி. ஆனால் பிசகு அவ்வளவு பெரிதில்லை, ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. அதைச் சரி செய்தால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். நான் தர்மபுரிப் பக்கம் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கதை எழுதத் தெரியாது. ஓடிவந்து பள்ளிக்கூடம் சேர்ந்த பையன்களைத் தெரியும்.

முதலில் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு, அதனால் காசில்லை என்று ஓட வைத்தால் இந்த ஊர்க்காரன் நம்பமாட்டான். பையன் ஓடுவதற்கு வேறு காரணம் இருக்கும். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் ஓடிய ஒரு பையனுடைய ஊருக்குக் காலையில் இரண்டே டவுன் பஸ். ஒன்று 7.20, அடுத்தது 9.15. முதல் பஸ்ஸுக்குப் போக முடியாது, ஏனென்றால் அந்நேரம் அவன் சொசைட்டியில் பால் ஊற்ற வரிசையில் நிற்பான். இரண்டாவது பஸ்ஸில் வந்தால் பிரேயர் முடிந்து முதல் பீரியட் பாதி போயிருக்கும். ஆகவே ஓட்டம். வறுமையை விட டைம்டேபிள்தான் நம் ஊரில் பிள்ளைகளை அதிகம் ஓட வைத்திருக்கிறது.

அடுத்து சித்திரை வெயில். கிராஸ் கண்ட்ரி நம் நாட்டில் குளிர்கால விளையாட்டு. தேசியப் போட்டி பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி வரும், மாவட்டம், மாநிலம் எல்லாம் அதற்கு முன்னால் முடிய வேண்டும். அப்படியானால் உங்கள் பையன் தயாராகிற மாதங்கள் ஐப்பசியும் கார்த்திகையும். வெயில் இல்லை, மழை. செருப்பில் அரை கிலோ சேறு, வண்டிப் பாதையில் வழுக்கல், நடுவில் அரையாண்டுப் பரீட்சை. சித்திரையில் வைத்தால் பள்ளிக்கூடமே லீவு.

இப்போது அந்தப் பெரிய பிசகு. உங்கள் கதையில் வராத ஒரு எண் இருக்கிறது, போட்டியின் தூரம். பதினாறு வயதுக்குட்பட்ட பையன்களுக்கு தேசிய கிராஸ் கண்ட்ரியில் தூரம் 2 கிலோமீட்டர்தான். பதினெட்டுக்குட்பட்டவர்களுக்கு 6, இருபதுக்குட்பட்டவர்களுக்கு 8, பெரியவர்களுக்கு 10. உங்கள் பையன் ஒன்பதாவதோ பத்தாவதோ படிக்கிறான் என்றால் அவன் ஓடப்போவது, தினமும் பள்ளிக்கு ஓடுகிற தூரத்தில் பாதி. "எல்லாரையும் விட அதிக தூரம் ஓடிப் பழகியவன்" என்பது அங்கே அவனுக்குப் பெரிதாக உதவாது. எல்லாரையும் விட வேகமாக ஓடிப் பழகியவனுக்குத்தான் அந்தப் போட்டி.

என் பையனையே எடுத்துக்கொள்கிறேன். வீட்டிலிருந்து பள்ளி கேட் வரை ஏறக்குறைய 4 கிலோமீட்டர். 8.15க்குக் கிளம்பி 8.37க்கு வந்துவிடுவான், 22 நிமிஷம். அதாவது கிலோமீட்டருக்கு ஐந்தரை நிமிஷம். முதுகில் நாலு கிலோவுக்குக் குறையாத பை, தோளில் குதிக்காமலிருக்க இடது கையால் வாரைப் பிடித்துக்கொண்டே ஓடுவான். மூன்று வருஷமாக அதே பாதை, அதே வேகம், அதே பை. முதல் வருஷம் அது அவனுக்கு நல்ல பயிற்சியாக இருந்திருக்கும். இதயம் பலப்பட்டிருக்கும், கால் இறுகியிருக்கும். அதற்குப் பிறகு உடம்பு அதற்குப் பழகிவிட்டது. நமக்கு மாடிப்படி ஏறுவது போல அவனுக்கு அந்த 22 நிமிஷம். மாவட்டத்தில் முன்வரிசையில் வருகிற பையன் கிலோமீட்டரை மூன்றே கால் நிமிஷத்துக்குள் ஓடுவான். ஐந்தரையிலேயே ஊறின கால் மூன்றே காலுக்குத் தானாக மாறாது.

காலாண்டு லீவு முடிந்ததும் பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்ட 200 மீட்டர் வட்டத்தில் அவனைப் பத்துச் சுற்று ஓடவிட்டு ஸ்டாப் வாட்ச்சில் பார்த்தேன். 7 நிமிஷம் 38 விநாடி. முதல் சுற்று 37 விநாடி, ஏழாவது சுற்று 50. அந்த இரண்டு எண்ணைப் பார்த்தாலே தெரிந்துவிடும், பையனுக்கு மூச்சு இருக்கிறது, வேகத்தைப் பங்கு போடத் தெரியவில்லை. போட்டிக்கு அப்போது பதினொரு வாரம் இருந்தது.

இங்கேதான் உங்கள் கதைக்கு விஷயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். பயிற்சி என்றதும் கூடுதலாக ஓடவைப்பது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். அந்தப் பையன் ஏற்கெனவே போக வர நாளைக்கு 8 கிலோமீட்டர், வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தான். பதினாலு வயசுக் காலுக்கு அது போதும். அதன் மேல் சாயங்காலம் நான் இன்னும் ஏற்றினால் முதலில் முழங்காலுக்குக் கீழே இருக்கிற முன்னங்கால் எலும்பு வலித்துச் சொல்லிவிடும். அதனால் முதல் வேலையாகக் கழிக்க ஆரம்பித்தேன். வீட்டுப்பாடத்துக்கு வேண்டியதைத் தவிர மற்ற நோட்டெல்லாம் என் ரூமிலேயே கிடக்கட்டும் என்றேன். பை ஒரு கிலோவுக்கு இறங்கியது, இடது கை விடுதலையானது. அடுத்து, வாரத்தில் இரண்டு நாள் ஓடி வரக்கூடாது, 7.20 பஸ்ஸில்தான் வரவேண்டும் என்றேன். பால் ஊற்ற அவன் அக்கா போகவேண்டி வந்தது. அந்த இரண்டு நாளும் அவன் அக்கா என்னைத் திட்டியிருப்பாள், நியாயம்தான்.

அந்த இரண்டு நாளில் ஒன்று செவ்வாய். சாயங்காலம் மைதானத்தில் இரண்டு சுற்று, அதாவது 400 மீட்டர், 86 விநாடியில் ஓடவேண்டும். ஒரு சுற்று நடை கலந்த மெல்லோட்டம், மறுபடி இரண்டு சுற்று. இப்படி ஐந்து தடவை. இதில் கண்டிப்பு ஒன்றுதான்: ஐந்தாவது தடவையும் முதல் தடவையும் ஒரே நேரத்தில் முடியவேண்டும். முதல் வாரம் 78-இல் ஆரம்பித்து 97-இல் முடித்தான். வாட்ச்சை அவன் கையிலேயே கொடுத்து, நூறு மீட்டர் கோட்டில் நான் நின்று "முந்திட்டே", "பிந்திட்டே" என்று மட்டும் சொன்னேன். நாலாவது வாரம் வாட்ச் பார்க்காமலே இரண்டு விநாடி முன்னே பின்னே சரியாக வந்து நின்றான். அந்த வாரம்தான் அவன் ஓட்டக்காரன் ஆனான். பதக்கம் வாங்கியபோது இல்லை. கடைசி வாரங்களில் அதே 400-ஐ 81, 82-இல் ஆறு தடவை ஓடினான்.

இன்னொரு நாள் வெள்ளி, ஏரிக்கரை. கரை மேட்டில் 60 மீட்டர் ஏற்றம், எட்டு தடவை, இறங்கும்போது நடை. கிராஸ் கண்ட்ரிப் பாதை தார் ரோடு போல இருக்காது. மேடு, மணல், கட்டாந்தரை, சில இடத்தில் வேண்டுமென்றே போட்ட தடுப்பு. ஏற்றத்தில் காலை எட்டி வைப்பதைக் குறைத்து, கையை வேகமாக வீசவேண்டும் என்று வாயால் சொன்னால் எந்தப் பையனுக்கும் ஏறாது. ஈரக் கரையில் நாலு தடவை சறுக்கினால் ஏறிவிடும்.

மீதி மூன்று நாள் பழைய பள்ளி ஓட்டம்தான். அதில் ஒரு நாளை மட்டும் மாற்றினேன். பாதை நெடுக ஈ.பி. கம்பங்கள். ஊர் எல்லை தாண்டியதும் இரண்டு கம்பம் வேகம், இரண்டு கம்பம் மெதுவாக, பள்ளி கேட் தெரிகிறவரை. மற்ற இரண்டு நாளும் மூச்சு முட்டாமல் ஒரு முழு வாக்கியம் பேசக்கூடிய வேகத்துக்கு மேல் போகக்கூடாது. அவனோடு ஆறாவது படிக்கிற பையன் ஒருவன் ஓடிவருவான், அவனோடு பேசிக்கொண்டே வா என்றேன். அந்தச் சின்னவன் பேச்சை நிறுத்தவே மாட்டான், அதுவே நல்ல அளவுகோலாகிவிட்டது. உங்கள் கதையில் கூட ஓடுகிற ஒருவனை வைத்தால் பயிற்சியை விளக்க ஒரு வரி கூடத் தேவைப்படாது.

சாப்பாடும் இதற்குள் வருகிறது. 7.45க்கு ஒரு சொம்பு ராகிக் கூழ் குடித்துவிட்டுக் கிளம்புவான். அரை மணியில் ஓடினால் விலாவில் பிடிக்கும். குடிக்காமல் ஓடினால் மதியச் சாப்பாடு வரை வயிற்றில் ஒன்றுமில்லை. அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது, ஒன்பதாவது படிக்கிறவனுக்குக் கிடைக்காது. சத்துணவு முட்டை அவனுக்கு உண்டு, ஆனால் அது மதியம். கடைசியில், கிளம்பும்போது அரைச் சொம்பு, பள்ளிக்கு வந்ததும் இரண்டு வாழைப்பழம், ஒரு கை வேர்க்கடலை என்று ஏற்பாடு செய்தேன். விலாப் பிடிப்பு போனது. முதல் பீரியடில் அவன் தூங்குவதும் நின்றது என்று கணக்கு டீச்சர் சொன்னார்.

எல்லாமே சரியாகப் போய்விடவில்லை. ஆறாவது வாரம் முன்னங்கால் வலி என்று வந்தான். இதில் இரண்டு வகை உண்டு, வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். எலும்பின் உள்பக்க ஓரமாக ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்து, ஓட ஆரம்பித்துச் சூடு ஏறியதும் குறைந்தால், ஓட்டத்தைப் பாதியாக்கி மெத்தென்ற மண்ணுக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். விரல் நுனியால் அழுத்தும்போது ஒரே புள்ளியில் சுளீரென்று வலித்தால், ஓட ஓடக் கூடினால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் கீறல் இருக்கக்கூடும். அப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போகவேண்டும், அதற்கு மேல் என் வேலை இல்லை. இவனுக்கு முதல் வகை. பத்து நாள் பஸ்ஸிலேயே வந்தான். அந்தப் பத்து நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

இன்னொன்று முழுக்க என் தப்பு. போட்டிக்கு முதல்நாள், பழைய மாணவன் ஒருவனுடைய ஸ்பைக் ஷூவை வாங்கிக் கொடுத்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதுவரை கேன்வாஸ் போட்டு ஓடியவன் காலுக்கு அது புதிது. முடிக்கும்போது இரண்டு குதிகாலிலும் கொப்புளம் உடைந்து சாக்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. போட்டியன்று எதையும் புதிதாகச் செய்யாதே என்று இருபது வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான்.

போட்டி எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கதையில் அது டிராக் ஓட்டம் போல இருக்கிறது. லேன் கிடையாது. அகலமான ஒரே கோட்டில் நூற்றி இருபது பையன்கள் நிற்பார்கள். துப்பாக்கி வெடித்ததும் அத்தனை பேரும் முந்நூறு மீட்டர் தள்ளி வரும் குறுகலான முதல் திருப்பத்துக்கு முன்னால் போய்விடப் பார்ப்பார்கள். முழங்கை இடிக்கும், முன்னால் ஓடுகிறவன் காலில் தட்டி நாலு பேர் விழுவார்கள். எவ்வளவு சொல்லி அனுப்பினாலும் முதல் தடவை ஓடுகிறவன் அந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விடுவான். என் பையனும் போனான். முதல் திருப்பத்தில் ஐந்தாவது. ஒரு கிலோமீட்டர் தாண்டியபோது முப்பதுக்குப் பக்கம். முகம் வெளுத்து, தோள் காது வரை ஏறியிருந்தது. நான் கயிற்றுக்குப் பக்கத்தில் ஓடிப்போய், "நாலாவது நாலு நூறு!" என்று கத்தினேன். வேறெதுவும் அவன் காதில் ஏறியிருக்காது. செவ்வாய்க்கிழமைகளில் நாலாவது தடவைதான் அவனுக்கு எப்போதும் மோசமாக இருக்கும், ஆனாலும் நேரத்துக்கு முடித்துவிடுவான். தோள் இறங்கியது. கடைசி ஐந்நூறு மீட்டரில் பத்துப் பன்னிரண்டு பேரைத் தாண்டினான். அவன் வேகம் கூடியதால் அல்ல, மற்றவர்கள் அவனை விட அதிகமாக உடைந்திருந்தார்கள்.

பத்தொன்பதாவது இடம், 6 நிமிஷம் 58 விநாடி. அதற்கு முந்தின வாரம் மைதானத்தில் 6.52 ஓடியிருந்தான். கரடு முரடான பாதையில் ஆறு விநாடிதான் கூடியிருக்கிறது என்றால் நன்றாகவே ஓடினான் என்று அர்த்தம். முதலில் வந்தவன் அவனுக்கு 40 விநாடி முன்னால். பதினொரு வாரத்தில் முக்கால் நிமிஷத்துக்கு மேல் குறைத்தவனே பத்தொன்பதாவது என்றால், உங்கள் பையன் வெறும் பள்ளி ஓட்டத்தை வைத்து முதலாவது வருவதை ஓட்டம் தெரிந்தவர் ஏன் நம்பவில்லை என்று புரியும்.

அந்த முக்கால் நிமிஷமும் என் பயிற்சியால்தானா என்று கேட்டால் ஆமாம் என்று சத்தியம் செய்யமாட்டேன். அந்த வயசில் மூன்று மாதத்தில் பையன் உயரமே மாறிவிடும். எவ்வளவு பயிற்சி, எவ்வளவு வளர்த்தி என்று பிரித்துக் காட்ட என்னிடம் அளவு கிடையாது. சீராக ஓடக் கற்றுக்கொண்டது மட்டும் பயிற்சியால்தான், அதில் சந்தேகமில்லை.

பள்ளிக்கு ஓடினால் சாம்பியன் ஆகலாம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரசெலாசி. அசெல்லாவுக்குப் பக்கத்தில் பண்ணை வீட்டிலிருந்து பள்ளிக்குப் போக 10 கிலோமீட்டர், திரும்ப 10 கிலோமீட்டர் ஓடியவர். உலகச் சாம்பியன் ஆன பிறகும் இடது கையைப் புத்தகம் இடுக்கியது போல மடக்கியே ஓடுவார். 1996 அட்லாண்டாவிலும் 2000 சிட்னியிலும் 10,000 மீட்டர் தங்கம். சிட்னியில் கென்யாவின் பால் டெர்கட்டை முந்தியது விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுவார்கள். உலக கிராஸ் கண்ட்ரி சாம்பியன்ஷிப்பின் பெரியவர்கள் பிரிவில் ஹைலே ஒரு தடவை கூட முதலாவது வந்ததில்லை. 1994இல் மூன்றாவது வந்ததுதான் அதிகம். 1995 முதல் 1999 வரை அதில் ஐந்து தடவை தொடர்ந்து ஜெயித்தவர் அதே டெர்கட். சிறுவயதில் ஓடிப் பள்ளி போகிறவர்களின் மூச்சுத் திறன், அப்படிப் போகாதவர்களை விட நன்றாக இருக்கிறது என்று கென்யாவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அது அடித்தளம். அதற்கு மேல் கட்டிடம் எழும்புமா என்பது வேறு பேச்சு. ஹைலே ஊரில் அவரோடு ஓடிப் பள்ளி போன மற்ற பிள்ளைகள் எல்லாரும் ஒலிம்பிக் போகவில்லை.

பையன் ஜெயித்தே ஆகவேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்தால் கிராஸ் கண்ட்ரியிலேயே ஒரு வழி இருக்கிறது. அது அணிப் போட்டியும்கூட. ஒரு அணியில் முதலில் வருகிறவர்களின் இட எண்களைக் கூட்டுவார்கள், குறைவான கூட்டுத்தொகை எந்த அணிக்கோ அது ஜெயிக்கும். உலகப் போட்டியில் ஆறு பேர் ஓடி நாலு பேர் கணக்கு. உங்கள் கதைப் போட்டியிலும் நாலு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். என் பையன்கள் அன்றைக்கு 8, 19, 23, 27, மொத்தம் 77. அதில் அணிக்கு மூன்றாவது இடம் கிடைத்தது. கோட்டைத் தாண்டியதும் கயிறு கட்டிய குறுகலான பாதையில் வந்த வரிசை மாறாமல் நடக்கவிட்டு ஒவ்வொருவர் கையிலும் ஒரு டோக்கன் கொடுப்பார்கள். அதில் முன்னால் நிற்பவனைத் தாண்டக்கூடாது, அவன் மயங்கி விழுந்தால் தவிர. என் பையன் 19 என்று எழுதிய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்கப் பிடிக்காமல் வேப்பமரத்தடியில் போய்க் குந்திக்கொண்டான். பின்னால் வந்தவர்களின் டோக்கனை எல்லாம் வாங்கி நான் பேனாவால் கையில் எழுதிக் கூட்டுகிறவரை, அவனுக்குப் பதக்கம் இருப்பது அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

போட்டி முடிந்து மூன்று நாள் ஓடவே கூடாது, கொப்புளம் ஆறட்டும் என்று சொல்லியிருந்தேன். சொன்னபடி திங்கட்கிழமை நடந்தே வந்திருக்கிறான். 8.15க்குத்தான் கிளம்பினான். பிரேயரில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு மேடையில் பதக்கம் போடலாம் என்று தலைமையாசிரியரிடம் சொல்லி வைத்திருந்தேன். கூப்பிட்டபோது மற்ற மூன்று பேரும் மேடையேறினார்கள். இவன் லேட்டாக வந்தவர்களின் வரிசையில், சின்னவனோடு, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான்.